சாசனத்தில் ஒரு சொல்

‘சத்ரப்புகள்’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் லொரென்சோ வல்லா கொதித்துப்போகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் கோபத்தால்தான்.

நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ரோமையும் இத்தாலியையும் மேற்கு நாடுகளையும் போப் சில்வெஸ்டருக்குத் தானமாக எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. போப்புகள் தங்கள் ஆட்சியுரிமைக்கு அதைச் சான்றாகக் காட்டிவந்தார்கள். 1440-இல் வல்லா அதை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அப்போது அவர் இருந்தது போப்போடு பகைகொண்ட அரசர் அல்போன்சோவிடம். ஆகவே எழுதத் தூண்டுதலும் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. ஆனால் கொடுத்த காரணங்கள் அரசருடையவை அல்ல, லத்தீனில் ஊறிய ஒருவருடையவை.

சத்ரப் என்பது பாரசீக ஆளுநரின் பட்டம். ரோம் அரசவையில் அந்தப் பெயரில் யார் இருந்தார்கள்? மணிமுடி பொன்னாலும் மணிகளாலும் ஆனது என்கிறது சாசனம். அந்தக் காலத்து டயடம் துணியால் ஆனது என்கிறார் வல்லா. சாசனம் எழுதப்பட்டதாகச் சொல்லும் நாளில் கான்ஸ்டான்டிநோபிள் என்ற நகரமே உருவாகவில்லை. ஆனாலும் அதன் பெயர் உள்ளே இருக்கிறது. இவ்வளவு பெரிய நிலம் கைமாறியிருந்தால் போப்பின் பெயரில் நாணயம் எங்கே என்றும் கேட்கிறார். இது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் புனையப்பட்டது என்பதே இன்றைய அறிஞர்களின் முடிவு.

வல்லாவுக்கு முன்பே, 1433-இல், கூசாவின் நிக்கோலஸ் இதைச் சந்தேகித்திருந்தார். பழைய ஏடுகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது அவர் வாதம். வல்லா ஏட்டின் மொழியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். சொற்களுக்கும் வயது உண்டு என்று உணர்ந்த பிறகு எந்த ஏடும் தப்ப முடியாது. அவரே லத்தீன் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுதினார். 1504-இல் லூவான் அருகே ஒரு மடத்தில் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்த எராஸ்மஸ் மறுஆண்டே அச்சிட்டார். 1516-இல் கிரேக்க மூலத்தையே வெளியிட்டார்.

வல்லாவுக்கு என்ன நேர்ந்தது? 1444-இல் சமய விசாரணைக்கு இழுத்தார்கள், அல்போன்சோ காப்பாற்றினார். சில ஆண்டுகளில் போப் ஐந்தாம் நிக்கோலஸ் அவரை ரோமுக்கு அழைத்து, கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸை லத்தீனில் மொழிபெயர்க்கவும் சொன்னார். போப்பின் அரண்மனையிலேயே புதுக்கல்விக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

1520-இல் லூதர் வல்லாவின் நூலை அச்சில் படித்துக் கொந்தளித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வத்திக்கானின் ஒரு கூடத்தில் ரஃபேலின் சீடர்கள் அந்தத் தானக் காட்சியையே சுவரில் தீட்டினார்கள். மண்டியிட்ட பேரரசர் ரோமின் உருவாகப் பொற்சிலை ஒன்றைப் போப்பிடம் நீட்டுகிறார். சுற்றிலும் பழைய பீட்டர் ஆலயத்தின் உட்புறம், முறுக்குத் தூண்கள் வரைக்கும். அந்த ஆலயம் அப்போது இடிபட்டுக்கொண்டிருந்தது. கட்டடத்தின் காலத்துக்கு அத்தனை உண்மையாக இருந்த ஓவியர்களிடம், நடக்காத நிகழ்ச்சி ஒன்றை வரையச் சொல்லியிருந்தார்கள்.