சாட்டை தேய்த்த இடம்

அம்பாசமுத்திரத்துக்கு நான் கொண்டுபோனது ஒரே ஒரு பம்பரம். பழம்பொருள் கடை ஒன்றில், அறுபது வருடம் பழையது என்று சொல்லி என்னிடம் 900 ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். அரக்குச் சிவப்பு மங்கி, வயிற்றில் மரம் தெரிந்து, ஆணி துருவேறி, நாலைந்து ஆக்கர்க் குழிகளோடு பார்க்கவே பாவமாக இருந்தது. நான் சின்ன வயதில் தொலைத்த பம்பரம்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து வாங்கினேன்.

கடைசல் பட்டறைக்காரர் ஒருவரை அந்த ஊர் நண்பர் அறிமுகப்படுத்தினார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பட்டறை முழுக்க சொப்புச் சாமான்: விரல் உயர அம்மி, உரல், திருகை, பானை. அவர் பம்பரத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தலைப்பக்கம் பார்த்தார்.

“தம்பி, இது என் கை” என்றார்.

தலையில் பம்பரத்தை மரத்துண்டிலிருந்து அறுத்து விடுவித்த இடத்தைக் காட்டினார். சின்னக் குமிழ் போல ஒரு மேடு, அதைச் சுற்றி உளி முனையால் இழுத்த இரண்டு கோடுகள், ஒன்று ஆழம், ஒன்று மேலாப்பு. “ரெண்டாவது கோடு எங்க அய்யா பழக்கிவிட்டது. இந்த வட்டாரத்துல நான் மட்டுந்தான் போடுதேன். ரெண்டு வருசம் முன்னால ஒரு ஆள் வந்து இருநூறு பம்பரம் வாங்கிட்டுப் போனான். ஒண்ணு இருபத்தஞ்சு ரூபா.”

எனக்குக் கோபம் வருவதற்கு முன்பு அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, எங்கே பொய் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். அந்த ஒரு மணி நேரத்துக்காக 900 ரூபாய் போனால் போகட்டும்.

முதலில் தேய்மானம். சாட்டையை ஆணியில் தொடங்கி மேலே மேலே சுற்றுகிறோம். வீசும்போது கயிறு உருவிக்கொண்டு ஓடுவது பம்பரத்தின் கீழ்க்கூம்பில்தான். அதனால் நிஜமாக ஆடிய பம்பரத்தில் அரக்கு முதலில் போகும் இடம் அது. அங்கே மரம் வெளுத்துத் தெரியாது. கயிறு ஓடி ஓடிக் கொம்பு மாதிரி வழுவழுப்பாகி இருக்கும். வயிற்றுப் பக்கம் தரையில் விழுந்து உருளும்போது பட்ட சின்னக் கீறல்கள்தான் இருக்கும். என் பம்பரத்தில் எல்லாம் தலைகீழ். வயிறு வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருக்கிறது, கூம்பில் சிவப்பு அப்படியே மின்னுகிறது. “உப்புத்தாளை வச்சுத் தேய்ச்சவன் பம்பரம் விட்டதே கிடையாது” என்றார்.

அடுத்தது ஆக்கர். தோற்றவன் பம்பரம் வட்டத்துக்குள் படுத்துக் கிடக்கும். மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் குத்துவார்கள். ஓங்கி வரும் ஆணி சரிந்துதான் இறங்கும். குழி நீளவாக்கில் இருக்கும், ஒரு விளிம்பில் மரநார் கிளம்பி நிற்கும், ஆழம் ஒன்றுபோல் இருக்காது. என் பம்பரத்தின் குழிகளோ சுத்தியலால் ஆணியை நேராக அடித்து எடுத்தவை, ஐந்தும் ஒரே வட்டம், ஒரே ஆழம். உள்ளே இருந்த கறுப்பும் மண் இல்லை. ஊசி முனையால் சுரண்டி முகர்ந்தார். பூட் பாலிஷ்.

ஆணியின் துருவை நான் பெரிதாக நம்பியிருந்தேன். உப்புத்தண்ணீரில் போட்டால் சில நாளில் துரு வந்துவிடும் என்றார். பார்க்க வேண்டியது துருவுக்குக் கீழே இருக்கும் வடிவத்தை. சுற்றிச் சுற்றித் தரையில் நின்ற ஆணி முனை உருண்டு மழுங்கியிருக்கும். பரணில் கிடந்து பிறகு துருப்பிடித்தாலும் அந்த உருட்டு மாறாது. என்னுடையதில் குறடு வெட்டிய தட்டை அப்படியே இருந்தது.

என்னிடம் ஒரு கடைசி வாதம் இருந்தது. பழைய கடைசல் சாமான் காலப்போக்கில் வட்டம் குலைந்து முட்டை வடிவமாகும் என்று படித்திருந்தேன். மரம் காயும்போது வளர்ச்சி வளையங்களின் போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையில் குறைவாகவும் சுருங்கும். வெர்னியரில் ஒரு பக்கம் 46.2 மில்லிமீட்டர், குறுக்கே 45.4. இது வயதுதானே என்றேன். பெரியவர் தலையை ஆட்டினார். “அது பச்சை மரம், தம்பி. அவன் அவசரப்படுத்தினான், காயாத கட்டையில கடைஞ்சேன். ரெண்டு மாசத்துல கோணிரும்.” நன்றாகக் காய்ந்த கட்டையில் கடைந்த நூறு வருடச் சாமான் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கலாம். கோணல் மரத்தின் ஈரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. நான் படித்ததில் இந்த எச்சரிக்கை இல்லை.

பம்பரத்தோடு அந்தக் கடைக்காரர் இரண்டு கோலிகளும் தந்திருந்தார். கோலிக்குக் கணக்கு வேறு. அது எல்லாப் பக்கமும் உருள்வதால் அடியும் எல்லாப் பக்கமும் விழ வேண்டும். கண்ணாடிக்குள் பிறை பிறையாகச் சின்ன விரிசல்கள் எங்கும் சிதறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் அது தேய்த்தது. கையால் செய்த கண்ணாடிக் கோலியில், கண்ணாடிக் கம்பியிலிருந்து அறுத்த தழும்பு ஒரு முனையிலாவது தடவினால் தட்டுப்படும். அமெரிக்காவில் கிறிஸ்டென்சன் என்பவர் 1905-ல் காப்புரிமை பெற்றது போன்ற இயந்திரத்தில் உருண்ட கோலிகளில் அந்தத் தழும்பு கிடையாது. என் கோலி ஒன்றில் தழும்பும் இல்லை, உள்ளே வண்ணச் சுருளும் இல்லை, வெளிர்பச்சை மட்டும். உடைந்த சோடா பாட்டிலின் கோலி. பிறைகள் நிறைய. யாரோ நன்றாக ஆடியிருக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான், அதைத்தான் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்தார்.

பிறகு பெரியவர் எனக்காக ஒரு பம்பரம் கடைந்தார். காய்ந்த மஞ்சக்கடம்புக் கட்டை. நடுக்குருத்து வராமல் பிளந்து எடுத்தது, குருத்து நடுவில் இருந்தால் ஆணி அடிக்கும்போதே வெடிக்குமாம். வடிவம் வந்ததும் உளியை வைத்துவிட்டு அரக்குக் குச்சியை எடுத்து, சுழலும் மரத்தில் அழுத்தினார். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உரசல் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறியது. தாழை மடலை வைத்து அழுத்த, ஒரு நொடியில் கண்ணாடிப் பளபளப்பு. பெயிண்ட் அடித்த பம்பரத்தில் நிறம் மரத்தின் இழைக்குள் கசிந்து விளிம்பு கலங்கும். அரக்குப் பட்டையோ கத்தியால் வெட்டியது போல நிற்கும். சந்தேகம் வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் வைத்தால் போதும், அரக்கு பிசுபிசுக்கும்.

அவர் கையிலிருந்த உளி நாலு விரல் நீளம்தான். அய்யா காலத்தில் ஒரு சாண் இருந்ததாம். தீட்டித் தீட்டி இவ்வளவாகிவிட்டது. அப்போது மோட்டார் கிடையாது. அம்மா எதிரே உட்கார்ந்து கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார், மரம் முன்னும் பின்னும் சுழலும், முன்னால் சுழலும்போது மட்டும் உளி வெட்டும். “பாதி நேரம் காத்திருக்கிறதுதான் வேலை. அம்மா இழுப்பு சீரா இருந்தாத்தான் எனக்கு வட்டம் வரும்.”

இந்தக் கைக்கு இருபத்தைந்து ரூபாய். அதில் மரம், அரக்கு, ஆணி, மின்சாரம் எல்லாம் அடக்கம். அதே பம்பரத்தைக் கெடுத்தவனுக்கு 875 ரூபாய். செய்தவர் பெயரை அழித்தால்தான் பொருளுக்கு விலை ஏறும் என்கிற இந்த வியாபாரத்தை நான் வெறுக்கிறேன். அதைவிட வருத்தம், வாங்கிய நானும் பழசு என்ற சொல்லுக்குத்தான் காசு கொடுத்தேன், கடைசலுக்கு இல்லை. புதுப் பம்பரத்துக்கு நூறு ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்றேன். ஐம்பதுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். ஆணிக்குப் பக்கத்தில், கூம்பின் அடியில் வருடத்தைப் பொறித்துத் தரக் கேட்டேன். யோசித்துவிட்டு, உளி முனையால் பொறித்தார்.

வீட்டுக்கு வந்து சாட்டை முனையில் சோடா மூடியைத் தட்டி முடிந்து மாடியில் விட்டேன். முதல் நாலு வீச்சு தவறியது. இருபது வீச்சுக்குப் பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆணிக்கு மேலே மூன்றாவது சுற்று விழும் இடத்தில், தலைமுடி அகலத்துக்குச் சிவப்பு மங்கத் தொடங்கியிருந்தது.