தூத்துக்குடியில் விழாத நிழல்

2017 ஜனவரி 10ஆம் தேதி, ஓசூரில் மரப்பெட்டி செய்து விற்கும் ஒருவருக்குத் தூத்துக்குடி மர வியாபாரி ஒருவர் மின்னஞ்சலில் இரண்டு படங்களை அனுப்பினார். அடுக்கி வைத்த பைன் தடிகள், பக்கத்தில் அலுவலகமாகப் பயன்படும் ஒரு பழைய இருபது அடி கன்டெய்னர். "சரக்கு யார்டில் ரெடி. முன்பணம் போட்டால் லோடு ஏற்றிவிடலாம்" என்று ஒரு வரி. ஓசூர்க்காரர் அன்று மாலையே 18 லட்சம் ரூபாயை வங்கி மூலம் அனுப்பிவிட்டார். பொங்கல் போயிற்று, மாசி பிறந்தது, ஒரு தடி கூட வரவில்லை.

ஓசூர்க்காரரின் வழக்கறிஞர்களாக நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்கு வந்த பதில் சாமர்த்தியமானது. சரக்கு யார்டில் தயாராக இருந்தது. சொன்ன கெடுவுக்குள் எடுக்காததால் நட்டத்துக்கு வேறொருவருக்கு விற்றுவிட்டோம். முன்பணம் அந்த நட்டத்தில் கழிந்துவிட்டது. கப்பல் ஆவணம் எங்கே என்று கேட்டால், சரக்கை இன்னொரு இறக்குமதியாளரிடம் ரொக்கத்துக்கு வாங்கினோம், ஆவணம் அவர் பெயரில் இருக்கும் என்றார்கள். ஆக, ஜனவரி 10 அன்று சரக்கு தூத்துக்குடியில் இருந்ததற்கு அவர்கள் காட்டிய ஒரே சான்று அந்த இரண்டு படங்கள்தான்.

படங்களில் ஊர்ப்பெயர் கிடையாது, வண்டி எண் கிடையாது. கன்டெய்னரின் எண் மேல் பெயின்ட் அடித்திருந்தது. கேமராவில் தேதியை யாரும் அமைக்கவே இல்லை போலிருக்கிறது. கோப்பின் உள்விவரத்தில் ஆண்டு 2000 என்று இருந்தது. கட்சிக்காரருடன் வந்திருந்த மேஸ்திரிதான் படத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்: "வக்கீல் சார், மார்கழி வெயில்ல நிழல் இவ்வளவு குட்டையாவா விழும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. ஒவ்வொரு நாளும் சூரியன் ஏதோ ஓர் அட்சரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. ஜனவரி 10 அன்று அது தெற்கே 22 டிகிரி. தூத்துக்குடி இருப்பது வடக்கே 8.8 டிகிரி. இரண்டுக்கும் இடையில் 30.8 டிகிரி. அன்று தூத்துக்குடியில் சூரியன் உச்சிக்கு வரும்போது கூட, தலைக்கு மேலிருந்து தெற்கே அந்த 30.8 டிகிரி சாய்ந்துதான் நிற்கும். அதற்கு மேல் ஏறாது. டேன்ஜென்ட் அட்டவணையைப் பார்த்தால் ஒரு மீட்டர் கம்பத்துக்கு 60 சென்டிமீட்டர் நிழல். உச்சிவேளையில்தான் நிழல் மிகக் குட்டை; காலையிலோ மாலையிலோ எடுத்திருந்தால் இன்னும் நீளமாகத்தான் இருக்கும். படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று தெரியாமலேயே இதைச் சொல்ல முடியும் என்பதுதான் இதன் வலிமை.

கன்டெய்னர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதன் அளவு உலகமெங்கும் ஒன்றே: உயரம் 2.59 மீட்டர், நீளம் 6.06, அகலம் 2.44. அன்று தூத்துக்குடியில் அதன் மேல்மூலையின் நிழல் அடிமூலையிலிருந்து குறைந்தது 1.54 மீட்டர் தள்ளி விழ வேண்டும். படத்தில் அதில் பாதி கூட இல்லை என்று வெறுங்கண்ணுக்கே தோன்றியது. ஆனால் வெறுங்கண்ணுக்குத் தோன்றுவது நீதிமன்றத்தில் நிற்காது. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரை, இந்தியச் சாட்சியச் சட்டம் 45ஆம் பிரிவின்படி நிபுணர் சாட்சியாக அழைத்தோம். மின்னஞ்சல் பிரதிகளுக்கு 65பி சான்றிதழையும் தாக்கல் செய்தோம்.

அதற்கு முன், வியாபாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு வந்தது. நிழல் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

"இந்தப் படங்களை எடுத்தது யார்?"

"நான்தான்."

"எங்கே, எப்போது?"

"என் யார்டில். மெயில் அனுப்பிய அன்று மதியம்."

"உங்கள் யார்டில் தரை எப்படி, மேடு பள்ளமா?"

"லாரி திரும்புகிற இடம் ஐயா. சமதரைதான்."

இந்த மூன்று பதிலும் பதிவாகிவிட்டால் போதும். நிழல் கணக்குக்குத் தேதி வேண்டும்; தேதி இல்லாவிட்டால் கணக்கே இல்லை. அந்தத் தேதியை எதிர்த்தரப்பின் வாயாலேயே வாங்கியாகிவிட்டது.

பிறகு பேராசிரியர் கூண்டேறினார். கன்டெய்னரின் அடிப்பாகம் தரையில் ஒரு செவ்வகம். அதன் நீள அகலம் தெரியும். படத்தில் கோணலாகத் தெரியும் அந்தச் செவ்வகத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் நேராக்கினால், நிழலையும் அதே அளவுகோலில் அளந்துவிடலாம். அவர் அளந்தது சுமார் 75 சென்டிமீட்டர், முன்பின் 10 சென்டிமீட்டர். அதாவது சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 16 டிகிரி மட்டுமே சாய்ந்திருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கே புதிது. இரண்டு படங்களும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. கேமராவின் கடிகாரம் தப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையில் 24 நிமிடம் என்பது தப்பாகாது. காலையில் நிழல் மேற்கே விழும், மாலையில் கிழக்கே. நடுவில் சூரியன் தென்பக்கமாகக் கடந்தால் நிழல் மேற்கிலிருந்து வடக்கு வழியாகக் கிழக்குக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. சூரியன் வடபக்கமாகக் கடந்தால் தெற்கு வழியாகப் போகும், இடஞ்சுழி. திசைகாட்டி இல்லாமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தப் படங்களில் நிழல் 24 நிமிடத்தில் சுமார் 20 டிகிரி இடஞ்சுழியாகத் திரும்பியிருந்தது. ஜனவரியில் தூத்துக்குடியில் நாள் முழுக்க நிழல் வலஞ்சுழியாகத்தான் திரும்பும்.

நிழலின் நீளமோ இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒன்றே. நிழல் குறைவதை நிறுத்தி வளரத் தொடங்கும் நேரம், அதாவது உச்சிவேளை, இரண்டுக்கும் நடுவில் வந்திருக்கிறது. எனவே படம் ஜனவரி 10 அன்று எடுத்தது உண்மையானால், சூரியன் நின்ற தெற்கு 22 டிகிரியிலிருந்து இன்னும் 16 டிகிரி தெற்கே போக வேண்டும். தெற்கு அட்சரேகை 38, முன்பின் இரண்டு டிகிரி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. முதலில் அளவையில் கை வைத்தார். கன்டெய்னர் சுவரிலிருந்து நிழலின் ஓரம் வரை செங்குத்தாக அளந்தால் உண்மையான நீளத்தைவிடக் குறைவாகத்தானே வரும் என்றார். நியாயமான ஐயம், இந்தக் கணக்கில் பலர் வழுக்கும் இடமும் அதுதான். சூரியன் சுவருக்கு நேரெதிரே இல்லாதபோது நிழல் சாய்ந்து விழும். அதனால் அடிமூலையிலிருந்து அதே மேல்மூலையின் நிழல் வரைதான் அளக்க வேண்டும். பேராசிரியர் அப்படித்தான் அளந்திருந்தார், வரைபடத்தில் காட்டினார்.

அடுத்து தரை. நிழல் விழும் பக்கம் மேடாக இருந்தால் நிழல் குறுகுமே? குறுகும் என்றார் பேராசிரியர். 1.54 மீட்டர் 75 சென்டிமீட்டராகக் குறுக வேண்டுமானால் தரை 50 டிகிரிக்கு மேல் சரிந்திருக்க வேண்டும். லாரி திரும்பும் சமதரை என்று வியாபாரி சொன்னது பதிவில் இருந்தது. படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தால் சுழற்சி மாறித் தெரியுமே என்ற கேள்விக்கு, கன்டெய்னர் மேலிருந்த ஆங்கில எச்சரிக்கை எழுத்துகள் நேராக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

கடைசிக் கேள்விதான் கூர்மையானது. "தூத்துக்குடியில் நிழல் தெற்கே விழும் நாளே கிடையாதா?" உண்டு. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் தூத்துக்குடியின் தலைக்கு நேராக வரும்; அன்று உச்சிவேளையில் நிழலே இராது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடபக்கமாகக் கடக்கும்; நண்பகல் நிழல் தெற்கே விழும், இடஞ்சுழியாகத் திரும்பும். மதுரைக்கும் சென்னைக்கும் இதே கதைதான், தேதி மட்டும் சற்று மாறும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லியில்தான் நண்பகல் நிழல் ஆண்டு முழுக்க வடக்கே விழும். ஆகவே, நிழல் தெற்கே விழுந்தால் தென்கோளம் என்ற பாடப்புத்தக விதியைத் தமிழ்நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது. பேராசிரியர் இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

எதிர்த்தரப்பு அங்கே வெற்றி கண்டதாக நினைத்தது. நான் மறு விசாரணையில் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஜனவரியில்? "ஒரு நாளும் இல்லை." படம் வேறு மாதத்தில் எடுத்தது என்று அவர்கள் மாற்றிச் சொன்னால், ஜனவரி 10 அன்று சரக்கு இருந்ததற்கான ஒரே சான்று கையை விட்டுப் போய்விடும். மாற்றாவிட்டால் நிழல் பொய் என்கிறது.

கணக்கைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருந்தது. சூரியன் ஆண்டுதோறும் அதே தேதியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும். எங்கள் மனுவின் பேரில் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், 2020 ஜனவரி 10 அன்று இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அந்த யார்டிலேயே ஓர் இருபது அடி கன்டெய்னரின் நிழலை அளந்தார். தூத்துக்குடியில் அன்று சூரியன் உச்சிக்கு வருவது நம் கடிகாரப்படி 12.25 வாக்கில். பன்னிரண்டு மணியிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறித்ததில் மிகக் குறைந்த அளவு 1.55 மீட்டர். நிழல் வலஞ்சுழியாகவே திரும்பியது என்றும் அவர் அறிக்கையில் எழுதினார்.

வாதத்தின்போது, தெற்கு 38 டிகிரி நியூசிலாந்தின் வடதீவில் வருகிறது, அங்கிருந்துதான் பைன் தடிகள் இங்கே வருகின்றன என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அதே அட்சரேகையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் சிலியும் இருக்கின்றன. அங்கும் பைன் வளர்க்கிறார்கள். கிழக்கு மேற்கு எவ்வளவு என்று நிழல் சொல்ல வேண்டுமானால் துல்லியமான கடிகாரம் வேண்டும். எங்கள் கேமராவுக்கு ஆண்டே தெரியாது. அதனால் நாட்டின் பெயரை நான் எடுக்கவில்லை.

தீர்ப்பும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. படம் எங்கே எடுத்தது என்று முடிவு செய்யத் தேவையில்லை. ஜனவரி 10 அன்று தூத்துக்குடியில் எடுத்ததல்ல என்பது போதுமானது. சரக்கு இருந்ததை எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை என்று கூறி, முன்பணத்தை வட்டியுடன் திருப்பித்தர நீதிமன்றம் ஆணையிட்டது.

இளம் வழக்கறிஞர்களுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. படம் சான்றாக வந்தால் கட்சிக்காரரிடம் அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நேரம் நீங்கியிருக்கும், ஓரங்களை வெட்டியிருந்தால் அளப்பதும் தவறும். நிழலைப் பற்றிப் பேசும் முன் தேதி, இடம், தரை மூன்றையும் சாட்சியின் வாக்குமூலத்தில் பதிய வையுங்கள். இந்த மூன்றும் பதிவாகாத நிலையில் நிபுணரைக் கூண்டேற்ற வேண்டாம்.