மீதி நாற்பது பேர்

எங்க ஹாஸ்டல் பிளாக்ல 120 பேர். மெஸ் கான்ட்ராக்டரை மாத்தணுமான்னு, குலுக்கல்ல எடுத்த 80 பேர்கிட்ட கேட்டேன். 48 பேர், அதாவது 60%, "மாத்தணும்"னாங்க. வழக்கமான ஃபார்முலா போட்டா திட்டப்பிழை 5.5%. 95% நம்பிக்கை இடைவெளியோட கீழ் எல்லை 49%. பெரும்பான்மைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

ஆனா அந்த ஃபார்முலா, இன்னும் கேட்காதவங்க எண்ணிலடங்காதவங்கன்னு எடுத்துக்குது. இங்க தெரியாதது வெறும் 40 பேரோட பதில்தான். அதனால √((N−n)/(N−1)), அதாவது √(40/119) = 0.58 ஆல் பெருக்கணும். பிழை 3.2% ஆகக் குறையுது, கீழ் எல்லை 54%. இப்ப வார்டன்கிட்ட தைரியமா போகலாம். 120 பேரையும் கேட்டிருந்தா n = N, பிழை பூஜ்யம்.

ஆனா இது இந்த 120 பேருக்கு மட்டும்தான். அடுத்த வருஷம் வர்ற ஜூனியர்ஸுக்கும் சேர்த்துப் பேசணும்னா இந்தத் திருத்தம் போடக்கூடாது.