ஒரு ஆர்க்கிடெக்டின் பயோடேட்டா

ஜமுனாமரத்தூரில் எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகிறது. வேலை பார்த்த இடத்தில் திட்டம் நின்றுபோய், ஆறு மாதமாக மலைக்கே திரும்பி வந்திருக்கிறாள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் வேலூர் பக்கமே வேலை தேடுகிறாள். நான்கு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பியும் ஒருவரும் கூப்பிடவில்லை. வரைவாளராக முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான் என்பதால், "தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடம் கொடுத்தாள்.

முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், "மொத்தக் கட்டடப் பரப்பு 2,10,000 சதுர அடி" என்று இருந்தது. மூன்றே வருடத்தில் இவ்வளவா என்று கேட்டேன். பிரித்துச் சொன்னாள். 1,20,000 சதுர அடி ஒரு மருத்துவமனை, இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட குழுவில் இவள் போட்டது இரண்டாம் மாடி வார்டும் கழிவறை விவரப் படங்களும். 88,400 சதுர அடி அடுக்குமாடி, காகிதத்தோடு நின்றுபோனது. மீதி 1,600 சதுர அடி, நம் மலையில் சாமை வைக்கும் கிடங்கு. அது முழுக்க இவள் கையால் ஆனது, இன்று நின்றுகொண்டிருக்கிறது. அது பயோடேட்டாவின் கடைசி வரியில் கிடந்தது.

பரப்பளவு என்று மொட்டையாக எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. வரைந்ததா, அனுமதி கிடைத்ததா, கட்டி முடிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொல்ல வேண்டும். எந்தக் கணக்கு என்பதும் முக்கியம். அனுமதிக்குப் பார்க்கும் தளப்பரப்புக் குறியீட்டில், கார் நிறுத்தும் தரைத்தளம் போன்ற சில இடங்கள் சேராது. கட்டிய பரப்போ எல்லாவற்றையும் சேர்த்தது. இரண்டும் ஒரே கட்டடத்துக்கு வேறு வேறு எண் கொடுக்கும். நேர்காணலில் அனுபவசாலி ஒருவர் இதைக் கேட்டால், தடுமாறுகிறவர் யாரோ போட்ட எண்ணை எடுத்து எழுதியவர் என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது மென்பொருள். ரெவிட், ஆட்டோகேட், ஸ்கெட்சப் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். யார் கொடுத்த நட்சத்திரம் என்று கேட்டேன், சிரித்தாள். எங்கள் காலத்தில் ஜன்னலைத் தள்ளினால் பிளானில் ஒரு முறை, எலிவேஷனில் ஒரு முறை, செக்‌ஷனில் ஒரு முறை பிளேடால் சுரண்டித் திருத்த வேண்டும். ரெவிட்டில் கட்டடத்தையே ஒரு மாதிரியாக உள்ளே கட்டிவிடுகிறார்கள். ஜன்னலை ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாப் படங்களிலும், கதவு ஜன்னல் பட்டியலிலும் அதுவே மாறிவிடும். ஆகவே ரெவிட் தெரியும் என்பதை விட, அந்த மாதிரியை நீயே கட்டினாயா, வேறு ஒருவர் கட்டியதிலிருந்து படம் மட்டும் எடுத்தாயா என்பதுதான் கேள்வி. எந்த வருடப் பதிப்பு என்றும் எழுதச் சொன்னேன். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்! அப்படியானால் வேலை கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டுமே.

கடைசியாக, "சட்டபூர்வ அனுமதிகள் கையாண்டேன்" என்று ஒரே ஒரு வரி. இதில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். அந்தக் கிடங்குக்கு என்னென்ன செய்தாய் என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறாள். 1990-ல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால், சமவெளியில் வீடு கட்டுவது போல் 2019-ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகளை மட்டும் பார்த்தால் போதாது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியோரின் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். காப்புக்காடு பக்கத்தில் இருக்கிறதா, சரிவை வெட்டினால் மண் சரியுமா, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பது அவர்கள் கவலை. இவள் முதலில் கொடுத்த படத்தில் சரிவின் குறுக்குவெட்டு இல்லாததால் கேள்வியோடு திரும்பி வந்தது. பிறகு உயர அளவுகளை எடுத்து, ரெவிட்டில் நிலத்தையே மாதிரியாக்கி, எங்கே எத்தனை அடி வெட்டுகிறோம், தாங்குசுவர் எங்கே, வடிகால் எங்கே என்று காட்டி மறுபடி கொடுத்திருக்கிறாள். அனுமதி வந்துவிட்டது.

இதில் மூன்று வித வேலை இருக்கிறது: படம் தயாரிப்பது, விண்ணப்பத்தோடு அலைந்து கேள்விக்குப் பதில் சொல்வது, பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது. எது நீ செய்தது என்று எழுது என்றேன். கையெழுத்து அவள் சீனியருடையது. அதையும் அப்படியே எழுதினாள்.

புதுப் பயோடேட்டாவில் மேலே பெயர், அதன் கீழே கட்டடக்கலைக் கவுன்சிலின் பதிவு எண். 1972 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது, ஆகவே அது அடியில் ஒளிந்திருக்கக் கூடாது. அடுத்து 1,600 சதுர அடி கிடங்கு, சரிவின் குறுக்குவெட்டுப் படத்தோடு அரைப் பக்கம். மருத்துவமனை, "குழுவில் ஒருவர், இரண்டாம் மாடி வார்டு, கழிவறை விவரங்கள், கட்டுமானத்தில்" என்று இரண்டே வரி. இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை அடிக்கும்போது மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

"சின்னதாத் தெரியுமே தாத்தா?"

"தெரியட்டும் பாப்பா. கேட்டா ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லுவே இல்ல?"

போன திங்கட்கிழமை வேலூரில் இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு இடத்திலிருந்து கிடங்கின் முழுப் படங்களையும் கேட்டிருக்கிறார்கள்.