உறையில் இல்லாத பெயர்



பதினைந்து ஆண்டுகளுக்கு முன் திருவண்ணாமலையில் உள்ள நம் பிறந்த வீட்டிற்குப் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. வெளிநாட்டில் பணிபுரிந்த கணவர் அனுப்பிய முத்தலாக் கடிதம் அது. உறையின் மேல் நம் பெயர் இல்லை. அத்தாவின் பெயர் இருந்தது. அத்தா கையெழுத்திட்டுப் பெற்றார், படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சென்றார். ஜமாஅத்தார் கூடிப் பேசினர். மஹர், நகை, சீர் ஆகியவற்றின் கணக்கைத் தீர்த்தனர். இஷா தொழுகைக்குப் பின் அத்தா வீடு திரும்பியபோதுதான், நம் எட்டாண்டு இல்லறம் முடிந்துவிட்ட செய்தி நமக்குத் தெரிந்தது. அப்போது நமக்கு வயது முப்பத்தொன்று.

மணமுறிவின் வேதனையைக் குறித்துப் பலர் பலவாறு எழுதுவர். நாம் கண்டறிந்த ஒன்றை மட்டும் இங்குப் பகிர்ந்துகொள்கிறோம். பிரிவைக் காட்டிலும் நம்மை அதிகம் வருத்தியது, நம் கதையில் நமக்கு வாய் இல்லாமற்போனதே. நாம் இல்லாத ஓர் அறையில் அது பேசப்பட்டது. பின்னர் நாம் இல்லாத எல்லாத் திண்ணைகளிலும் பேசப்பட்டது. குழந்தை இல்லாததே காரணம் என்றார் ஒருவர். மாமியாரோடு ஒத்துப்போகாதவள் என்றார் மற்றொருவர். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சொல்லில் முடித்தனர்: வாழாவெட்டி. பிறர் சொல்வதை நாள்தோறும் கேட்பவள், ஒரு கட்டத்தில் அதையே தன் வாக்குமூலமாக ஏற்றுக்கொள்கிறாள். தோல்வியுணர்வு நமக்குள் புகுந்த வழி அதுதான்.

2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லப்படும் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தது; 2019-இல் அதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. நமக்கு வந்தது போன்ற கடிதத்திற்கு இன்று சட்டத்தில் மதிப்பில்லை. ஆயினும் தெரு சூட்டிய பெயரைச் செல்லாததாக்க எந்தத் தீர்ப்பாலும் இயலாது. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

இத்தா காலத்தை வீட்டின் முன்னறையில் கழித்தோம். சன்னலுக்கு வெளியே கிரிவலம் செல்வோர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துவரும் சாலை. பௌர்ணமி இரவுகளில் விடியும்வரை காலடி ஓசை கேட்கும். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டுக் களைத்துத் திரும்புவோரின் பேச்சும் கேட்கும். அந்தக் கூட்டத்தைக் கொண்டே மாதங்களை எண்ணினோம். மூன்றாம் பௌர்ணமிக்குச் சில நாட்களுக்குப் பின் இத்தா முடிந்தது. முடிந்தது என்பதை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. நான்காம் பௌர்ணமியிலும் நாம் அதே அறையில்தான் இருந்தோம். ஐந்தாவதிலும் இருந்தோம்.

அங்கேதான் தவறு நேர்ந்தது. தலாக் ஆன பெண்ணின் இத்தாவை ஹனஃபி வழியினர் மூன்று மாதவிடாய்களாகவும், ஷாஃபிஈ வழியினர் மூன்று தூய்மைக் காலங்களாகவும் எண்ணுவர். மாதவிடாய் வராதவருக்கு மூன்று மாதங்கள். கருவுற்றவருக்குப் பிரசவம் வரை. நான்கு மாதம் பத்து நாள் என்பது கணவரை இழந்தவருக்குரியது. அதைத் தலாக்கிற்கும் பொருத்திப் பேசும் குடும்பங்களை இன்றும் காண்கிறோம். அந்நாட்களில் அலங்காரத்தைத் தவிர்ப்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இத்தாவுக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை. மார்க்கம் எல்லை வகுத்த ஒரு காலத்தை, ஊர் எல்லையில்லாத ஒரு நிலையாக மாற்றிவிடுகிறது.

அக்காலத்தில்தான் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்று வந்தது. மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டும் நேரத்தில் ஒரு மாமி நம் தோளைத் தொட்டு, "கொஞ்ச நேரம் சமையல்கட்டில் இரும்மா" என்றார். கடுஞ்சொல் எதுவும் இல்லை, அன்பாகவே சொன்னார். அந்த அன்பு நம்மை ஓராண்டு வீட்டிற்குள் முடக்கியது. தலாக் ஆனவளின் கை கருகமணியில் பட்டால் தீங்கு என்பதற்குக் குர்ஆனிலோ ஹதீஸிலோ ஆதாரம் இல்லை. அது நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்ட அச்சம். இதை நாம் அறிந்திருந்தும், அன்று எழுந்து சமையல்கட்டிற்கே சென்றோம்.

முப்பத்து நான்காம் வயதில் இஸ்லாமியக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தோம். தலாக் பற்றிய ஹதீஸ் பாடத்தில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் பல வழிகளில் பதிவான செய்தி அது. பாடம் நடத்தியவர் அதிலுள்ள சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நாமோ அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய கணவர் ஊரில் இல்லை. திரும்பச் சேர இயலாத இறுதித் தலாக், தொலைவிலிருந்து வந்து சேர்ந்தது. கணவரின் பொறுப்பாளர் கொஞ்சம் வாற்கோதுமையைக் கொடுத்தனுப்பினார். அவருக்கு அது பிடிக்கவில்லை. தாமே நபி (ஸல்) அவர்களிடம் சென்று தம் நிலையைச் சொன்னார். ஜீவனாம்சம் கிடைக்கும் என்ற அவருடைய எதிர்பார்ப்பு அங்கு நிறைவேறவில்லை. ஆனால் வேறு மூன்று கிடைத்தன.

முதலாவது, இடம். உம்மு ஷரீக் (ரலி) வீட்டில் இத்தா இருக்குமாறு முதலில் கூறிய நபியவர்கள், அங்குத் தோழர்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள் என்பதால் அதை மாற்றினார்கள். கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) வீட்டைக் காட்டினார்கள். அங்கு மேலாடையைக் களைந்துவிட்டு இயல்பாக இருக்கலாம். பிறர் கண் படாத ஓரிடம் அவளுக்கு வேண்டும் என்பது அன்றே எண்ணிப் பார்க்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டு முன்னறையில் துக்கம் விசாரிக்க வந்தோரை நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, முடிவு. இத்தா முடிந்ததும் தம்மிடம் தெரிவிக்குமாறு கூறினார்கள். அதாவது, முடியும் நாளை ஒருவர் எதிர்பார்த்திருந்தார்.

மூன்றாவது, ஒளிவற்ற ஆலோசனை. முடிந்ததும் முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவர் பெண் கேட்டனர். தலாக் ஆனவளுக்கு வந்ததே பெரிது என்று அவரிடம் சொல்லப்படவில்லை. ஒருவர் பொருள் இல்லாதவர் என்றும், மற்றவர் தோளிலிருந்து கோலை இறக்காதவர் என்றும் குறைகள் வெளிப்படையாகக் கூறப்பட்டன. உஸாமா பின் ஸைத் (ரலி) பெயர் முன்வைக்கப்பட்டது. முதலில் அவர் விரும்பவில்லை. பின்னர் மணந்தார், அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான் என்றும், பிறர் பார்த்து ஏங்கும்படி வாழ்ந்ததாகவும் அவரே கூறினார்.

அவரே கூறினார் என்பதுதான் நம்மை நிறுத்தியது. இச்செய்தி முழுவதும் அவர் வாயால் வந்தது. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஜீவனாம்சம் குறித்த அவருடைய கூற்றை ஏற்கவில்லை. இன்றும் ஹனஃபி, ஷாஃபிஈ வழிகள் அதில் வேறுபடுகின்றன. ஆயினும் அவர் வாயடைத்துப் போகவில்லை. குர்ஆனைக் கொண்டே வாதிட்டார். ஷஅபீ போன்ற அறிஞர்கள் அவரிடம் வந்து, அவருடைய தலாக்கைக் குறித்தே கேட்டு அறிந்து சென்றனர். எந்த நிகழ்வு அவருக்கு இழுக்காகியிருக்கக்கூடுமோ, அதையே அவர் கல்வியாகக் கற்பித்தார்.

அன்றிரவு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, நம் எட்டாண்டுகளை முதன்முறையாக நம் சொற்களில் எழுதினோம். அவர் தவறு, நம் தவறு, இருவர் தவறும் அல்லாதது என்று மூன்றாகப் பிரித்தோம். மூன்றாம் பகுதியே நீளமாக இருந்தது: ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு, தொலைபேசியில் நடந்த குடும்பம், இரு வீட்டாரின் அவசரம். நம் தவறுகளும் இருந்தன, ஆறு வரிகள். ஆறு வரிகளை ஒருவரால் சுமக்க முடியும். வாழாவெட்டி என்ற ஒற்றைச் சொல்லைத்தான் சுமக்க முடியவில்லை.

நம் தமிழகத்திலேயே இதை உணர்ந்தவர் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், பெண்கள் நுழைய முடியாத ஜமாஅத்துகளில் பெண்களின் மணவாழ்வு தீர்மானிக்கப்படுவதைக் கண்டு, 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். அங்குப் பெண் தன் வழக்கைத் தானே சொல்கிறாள். தீபா தன்ராஜ் 2011-இல் அதனை ஆவணப்படமாக எடுத்தார். தனி ஜமாஅத், பெண்களுக்கான தனிப் பள்ளிவாசல் என்ற அவர் வழியில் கருத்து வேறுபாடு உடையோர் நம்மிடையே உள்ளனர். எனினும், அவளை அழைத்து உட்காரவைத்துக் கேட்பதை எந்த ஜமாஅத்தும் இன்றே செய்யலாம்.

கடந்த ஆண்டு நம் மதரஸா மாணவி ஒருத்தியின் அக்கா தலாக் ஆகி வீடு திரும்பினார். அவர்களின் தாயார் வந்து, "டீச்சரம்மா, பிள்ளை சுவரையே பார்த்துக்கிட்டிருக்கா. சீக்கிரம் இன்னொரு மாப்பிள்ளை பார்த்துட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

சில செய்திகளைச் சொன்னோம். உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறையை அவளுக்குக் கொடுங்கள். விசாரிக்க வருவோரை வாசலில் நீங்களே பேசி அனுப்புங்கள். இத்தா முடியும் நாளை அவளோடு சேர்ந்து எண்ணுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். அவள் எழுதுவதை நீங்கள் படிக்காதீர்கள். மறுமணத்தைப் பற்றிப் பேசும்போது அவள் மனத்தில் தோன்றுவது வரப்போகும் மனிதரா, வாயடைக்கப்போகும் அண்டைவீட்டாரா என்று அவளையே கேளுங்கள். இரண்டாவது என்றால் இன்னும் காலம் ஆகவில்லை.

ஒன்றை அழுத்தியும் சொன்னோம். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இல்லையென்றாலோ, வாழ விருப்பமில்லை என்று அவள் ஒருமுறை சொன்னாலோ, நோட்டும் நாமும் போதாது. அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி தமிழிலேயே கிடைக்கும்.

இத்தா முடிந்த மறுநாள் அஸருக்குப் பின் அந்தப் பெண் தங்கையை அழைத்துக்கொண்டு மதரஸா வாசலுக்கு வந்தார். நாம் எதுவும் விசாரிக்கவில்லை. சிறுபிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றோம். பாயை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

வல்ல ரஹ்மான், பிரிந்து வந்த நம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் அமைதியை அளிப்பானாக. அவர்களைக் குறித்துப் பேசும் நம் நாவுகளைக் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.