சும்மா கிடக்கும் ரெசிஸ்டரின் சத்தம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் கணக்கு வரும் இடத்தைத் தாண்டிப் போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடையில் ஒரு ரூபாய்க்கு வாங்கும் ரெசிஸ்டரை மேசை மேல் சும்மா வையுங்கள். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். அப்போதும் அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே மிகச் சிறிய மின்னழுத்தம் ஏறியும் இறங்கியும் துடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. ஒரு கணம் இந்த முனையில் சற்றுக் கூடுதலாகவும் மறுகணம் அந்த முனையில் கூடுதலாகவும் சேர்கின்றன. நம் மல்டிமீட்டர் இதைக் காட்டாது, அத்தனை சிறியது. இதற்குத்தான் வெப்ப இரைச்சல் என்று பெயர்.

இதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான்சன். கணக்கால் விளக்கியவர் நைக்விஸ்ட். இருவரும் ஸ்வீடனில் பிறந்தவர்கள். இருவர் கட்டுரையும் 1928 ஜூலையில் ஒரே இதழில் வந்தன. ஜான்சன் கார்பன், செம்பு, பிளாட்டினம், உப்புக் கரைசல் என்று எதையெதையோ மாற்றி மாற்றிப் பார்த்தார். பொருள் எதுவானாலும் வேறுபாடில்லை. மின்தடையும் வெப்பநிலையும்தான் கணக்கு.

```
V = sqrt(4 * k * T * R * B)
```

k என்பது போல்ட்ஸ்மேன் மாறிலி, 1.38 × 10⁻²³. T கெல்வினில் வெப்பநிலை, நம் ஊர் அறைக்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். R ஓமில் மின்தடை. B என்பது எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையை நாம் கேட்கிறோம் என்பது, ஹெர்ட்ஸில்.

இதை இப்போது எழுதக் காரணம், எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்த ஒரு பெண்ணின் மகன். பாலிடெக்னிக் கடைசி வருடம். காது மந்தமான அவன் அப்பத்தாவுக்காக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தான். டைனமிக் மைக், டி.எல்.072 ஐ.சி., நூறு மடங்கு பெருக்கம், ஹெட்போன். ப்ராஜெக்டும் அதுவே. அப்பத்தா அதை மாட்டிய வேகத்தில் கழற்றி, "அடுப்புல எண்ணெய் காயுற மாதிரி இரையுதுப்பா, உங்க பேச்சு ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டார். பையன் வால்யூமைக் கூட்டினான். பேச்சும் கூடியது, இரைச்சலும் அதே அளவு கூடியது. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

முதலில் காதால் கேட்டேன். "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முரலினால் அது கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ். அதற்கு வைத்தியம் வேறு. இது "ஸ்ஸ்ஸ்" என்று கூரையில் மழை விழுவது போல இருந்தது. மைக்குக்கும் ஐ.சி.க்கும் நடுவே தொடராக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. "எதுக்குய்யா இது?" என்றேன். "ஐ.சி. போயிடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்புக்கு, தாத்தா" என்றான். மைக்கைக் கழற்றி, ரெசிஸ்டரின் மைக் பக்க முனையைத் தரையோடு சேர்த்தோம். இரைச்சல் அப்படியே இருந்தது, ஆக மைக்கின் மேல் குற்றமில்லை. அடுத்து ரெசிஸ்டரின் ஐ.சி. பக்க முனையைத் தரையோடு சேர்த்தோம். இரைச்சல் பாதிக்கும் கீழே இறங்கியது. திருடன் யாரென்று தெரிந்துவிட்டது.

இப்போது கணக்கு. R = 100000, B = 20000 என்று போட்டால் 5.8 மைக்ரோவோல்ட் வரும். அந்த ஐ.சி.க்குச் சொந்த இரைச்சலும் உண்டு, அதே பட்டைக்கு 2.5 மைக்ரோவோல்ட். இரண்டையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத துடிப்புகள் ஆனதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 6.3 வருகிறது. மைக்கின் பக்கத்தில் உரக்கப் பேசினால் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட், அதாவது 1000 மைக்ரோவோல்ட். 1000-ஐ 6.3 ஆல் வகுத்தால் 158. குறிகை இரைச்சலைப் போல 158 மடங்கு.

இதை டெசிபலில் சொல்லும்போது பையன் ரிப்போர்ட்டில் 22 என்று எழுதியிருந்தான். டெசிபல் என்பது திறன்களின் விகிதம். மடக்கை எடுத்து 10 ஆல் பெருக்குவது திறனுக்கு. நம்மிடம் இருப்பது மின்னழுத்தம். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, மடக்கையில் வர்க்கம் இரண்டால் பெருக்கலாகிவிடும், ஆகவே 20. விடை 44 டெசிபல். மனக்கணக்காகவும் சரிபார்க்கலாம்: நூறு மடங்குக்கு 40, மீதி 1.58 மடங்குக்கு 4.

44 நல்ல எண் தானே என்று தோன்றும். ஆனால் அப்பத்தா ஒரு மீட்டர் தள்ளித்தான் உட்காருவார். 10 சென்டிமீட்டரில் பேசுவதும் ஒரு மீட்டரில் பேசுவதும் ஒன்றல்ல. குறிகை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 20 டெசிபல் போய்விடும். இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். மிச்சம் 24. மெல்லிய மெய்யெழுத்துகள் அதில் அமுங்கிப் போகும்.

100 கிலோ ஓமை எடுத்து 1 கிலோ ஓம் போட்டோம். மின்தடை நூறில் ஒன்று, ஆகவே அதன் இரைச்சல் பத்தில் ஒன்று, 0.58. "இருபது டெசிபல் கூடிடும்" என்று பையன் துள்ளினான். கூடியது எட்டுக்கும் குறைவு. ஐ.சி.யின் 2.5 அங்கேயே இருக்கிறதே! வர்க்கம் கூட்டிப் பாருங்கள், மொத்தம் 2.6 தான் வரும். பெரிய இரைச்சல் போன பிறகு அடுத்த இரைச்சல்தான் பேசும்.

அடுத்து B. பேச்சு புரிய 20 கிலோஹெர்ட்ஸ் தேவையில்லை, டெலிபோனில் 3.4 கிலோஹெர்ட்ஸ்தான் போகும். பின்னூட்ட ரெசிஸ்டர் 100 கிலோ ஓம். அதன் குறுக்கே 470 பிகோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியத் தொடங்கும். ஒற்றைக் கெபாசிட்டர் கத்தியால் வெட்டினது போல் வெட்டாது, சரிவாகத்தான் இறக்கும். இரைச்சலுக்கான அகலம் அதைப் போல 1.57 மடங்கு, 5.3 கிலோஹெர்ட்ஸ். இருந்தும் இன்னொரு 6 டெசிபல் கிடைத்தது. பக்கத்தில் பேசினால் 57, ஒரு மீட்டரில் 37. அப்பத்தா அன்று கழற்றாமல் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வெப்பம்தான் காரணம் என்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் என்ன என்று பையனின் நண்பன் கேட்டானாம். நல்ல கேள்வி. ஆனால் சூத்திரத்தில் கெல்வின் இருக்கிறது. 300 இலிருந்து 277க்குப் போனால் அரை டெசிபல்கூடத் தேறாது.

இப்போது மிச்சமிருப்பது ஐ.சி.யின் சொந்த இரைச்சல். என்.இ.5532 போட்டால் 2.5 இருந்த இடத்தில் 0.7 மைக்ரோவோல்ட் ஆகும். பையன் வாங்கி வைத்துவிட்டான். அதற்கு ஒரு குணம் உண்டு: அதன் உள்ளீட்டில் சிறிய மின்னோட்ட இரைச்சலும் இருக்கிறது, அது எதிரே உள்ள ரெசிஸ்டரில் ஓடி மின்னழுத்தமாக மாறும். 1 கிலோ ஓமில் அது கண்டுகொள்ளத் தேவையில்லாத அளவு. பழைய 100 கிலோ ஓமை எடுக்காமல் இந்த ஐ.சி.யை மட்டும் மாற்றியிருந்தால், அதுவே 10 மைக்ரோவோல்ட் போல வந்து, விலை கூடிய ஐ.சி. முன்னதைவிட அதிகமாக இரைந்திருக்கும்.