மாப்பிள்ளைத் தலைப்பாகைக்கு எத்தனை மீட்டர்?

செஞ்சியில் என் சகோதரி மகனின் நிக்காஹுக்குத் தலைப்பாகைத் துணி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொப்பியின் மேல் நாடா வைத்து அளந்தேன், 58 சென்டிமீட்டர். ஆறு சுற்றுக்கு 348, உள்ளே செருக 15, பின்தொங்கலுக்கு 45, ஆக 408. நாலேகால் மீட்டர் தாராளம் என்று வாங்கிவிட்டேன்.

மணநாள் காலையில் ஐந்து சுற்று முடிந்தபோது கையில் எஞ்சியது ஏறத்தாழ 60 சென்டிமீட்டரே. தொங்கலுக்கு 45 விட்டுவிட்டு, ஐந்து சுற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பிழை எங்கே? மடித்த துணியின் கனம் ஒரு சென்டிமீட்டர். சுற்றின் மேல் சுற்று ஏறும்போது தலையின் இருபுறமும் அக்கனம் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட ஆறு சென்டிமீட்டர் நீள்கிறது. 58, 64, 70, 76, 82, 88, கூட்டினால் 438. செருகலும் தொங்கலும் சேர்ந்தால் ஐந்து மீட்டர்!

சுற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், பக்கம் பக்கமாக மேல்நோக்கிப் பரப்பிக் கட்டுவதாயின் சுற்றளவு அதிகம் வளராது. அதற்கு நான் வாங்கிய துணியே போதியிருக்கும். எனவே கட்டுபவரிடம் முறையைக் கேட்டறியுங்கள். அதே கனமுள்ள பழைய துணியை ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அளந்து, எவ்வளவு கூடுகிறதென்று கண்டபின் கடைக்குச் செல்லுங்கள்.